எரிமலை விட்டதை மழை எடுத்துக்கொண்ட விதம்: தக்காணப் பாறைகளும் பூமியின் தெர்மோஸ்டாட்டும்

மும்பையிலிருந்து புணே நோக்கி மலையேறினால், இருபுறமும் படிப்படியாக அடுக்கியதுபோல் கறுத்த பாறைகள் தெரியும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தின் பிளவுகளிலிருந்து அலையலையாக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது. பசால்ட் என்று பெயர். அரித்துப்போனது போக இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தில் பெரும்பகுதி, குஜராத், மத்தியப் பிரதேசம், வட கர்நாடகம் என்று பரந்து கிடக்கிறது. கோதாவரி, கிருஷ்ணா ஆகியவற்றின் மேல்பகுதிகளும் நர்மதை, தபதி ஆறுகளின் பாதையில் கணிசமான பகுதியும் இந்தப் பாறையின் மேல்தான் இருக்கின்றன.

இந்தப் பாறை உருவானபோது ஏராளமான கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தது. எரிமலை என்றால் அது எதிர்பார்க்கக்கூடியதே. எதிர்பாராதது அடுத்து நடந்தது. செலின் தெசேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவரது குழுவும் தக்காணத்து ஆறுகளின் நீரை அளந்து, அந்த எண்களை ஒரு கணிப்பு மாதிரியில் இட்டு, 2001-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எரிமலைக் காலத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1,050 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக்கு 1,050 பங்கு, கூடியிருக்கும், உலகம் சுமார் 4 டிகிரி சூடாகியிருக்கும் என்றது அந்த மாதிரி. ஆனால் எல்லாம் அடங்கிய பிறகு காற்று பழைய நிலைக்குத் திரும்பி நிற்கவில்லை. பழைய நிலையைவிட 57 பிபிஎம் குறைவாக இறங்கி அங்கே நிலைபெற்றது. அதாவது தக்காணப் பாறைகளே உருவாகாமல் இருந்திருந்தால், தொழிற்புரட்சிக்கு முந்தைய காற்றில் கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம்முக்குப் பதிலாக ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்திருக்கும்.

இவை ஒரு மாதிரியின் எண்கள். வேறு அனுமானங்களை வைத்தால் எண்கள் மாறும். ஆனால் முதலில் ஏற்றம், பிறகு தொடங்கிய இடத்துக்கும் கீழே இறக்கம் என்ற அந்த வடிவம் முக்கியமானது. ஒரே பாறை எப்படி முதலில் சூடாக்கி, பிறகு குளிர்விக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பூமியின் நீண்டகால வெப்பக் கட்டுப்பாடு முழுவதும் புரிந்துவிடும்.

மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் போனதும் இன்னும் நிறையக் கரைகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால், மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றில் இந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். இப்படி உருவாகும் கார்பானிக் அமிலம் மிக மென்மையானது, சோடாத் தண்ணீரில் இருப்பது அதுதான். ஆனால் அதற்கு அவசரம் இல்லை. பாறையின் கனிமங்களை ஆண்டாண்டாகக் கரைத்து, கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றை வெளியே எடுக்கிறது. உண்மையான பாறையில் பிளாஜியோகிளேஸ், பைராக்சீன், ஆலிவின் என்று பல சிலிக்கேட் கனிமங்கள் கலந்திருக்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கால்சியம் சிலிக்கேட்டை மட்டும் வைத்துப் பார்ப்போம்:

CaSiO3 + 2CO2 + 3H2O → Ca2+ + 2HCO3− + H4SiO4

காற்றில் இருந்த கார்பன் இப்போது பைகார்பனேட்டாக நீரில் கரைந்திருக்கிறது. ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. கடலில் பவளங்களும், சிப்பிகளும், அவற்றைவிட முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்து ஓடு கட்டுகின்றன:

Ca2+ + 2HCO3− → CaCO3 + CO2 + H2O

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நிலத்தில் இரண்டு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு எடுக்கப்பட்டது, ஓடு கட்டும்போது ஒன்று திரும்ப வெளிவந்தது. மீதி ஒன்று சுண்ணாம்பாகிக் கடலடியில் படிகிறது. ஆற்று நீரில் அளக்கும் எண்ணை அப்படியே காற்றிலிருந்து நிரந்தரமாக நீங்கிய அளவு என்று எழுதிவிடும் பிழையை அடிக்கடி பார்க்கலாம். நீண்டகாலக் கணக்கில் அதில் பாதிதான் நிற்கும்.

சுண்ணாம்புக்கல்லும் இதே அமிலத்தில் கரைகிறதே, சிலிக்கேட்டை விட வேகமாகவும் கரைகிறதே என்று கேட்கலாம். ஆமாம், உலகின் ஆறுகளில் ஓடும் பைகார்பனேட்டில் பெரும்பங்கு அதிலிருந்து வருவதுதான். ஆனால் அங்கே ஒரு மூலக்கூறு எடுத்து, கடலில் ஓடாகும்போது அதே ஒரு மூலக்கூறைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. லட்சம் ஆண்டுக் கணக்கில் மிச்சம் பூஜ்யம். நிகர லாபம் வேண்டுமென்றால், இதற்கு முன் கார்பனோடு சேர்ந்திராத கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். அது சிலிக்கேட் பாறையில்தான் இருக்கிறது. அதிலும் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த கிரானைட் வகைப் பாறை கரைந்தால் அவ்வளவு பயனில்லை, ஏனென்றால் சோடியம் கடலில் சுண்ணாம்பாகப் படிவதில்லை. பசால்ட்டில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், அதன் கனிமங்களும் சீக்கிரம் கரையக்கூடியவை. உலக நிலப்பரப்பில் பசால்ட் 5 சதவீதம்கூட இல்லை. ஆனால் சிலிக்கேட் சிதைவால், அதாவது சிலிக்கேட் பாறை இப்படிக் கரைவதால், நீங்கும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதன் கணக்கில் வருகிறது.

கடலடிச் சுண்ணாம்பு என்றென்றைக்கும் அங்கேயே இருந்துவிடுவதில்லை. கடல்தட்டு நகர்ந்து இன்னொரு தட்டுக்கு அடியில் புகும்போது அதுவும் கூடவே இறங்குகிறது. ஆழத்தின் சூட்டில் அதில் ஒரு பகுதி சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு மீண்டும் எரிமலை வழியாக வெளியே வருகிறது. பிரான்சைச் சேர்ந்த ஜாக் ஜோசப் எபெல்மென் 1845-லேயே இந்தச் சுழற்சியின் இரு பக்கங்களையும் எழுதிவிட்டார். அதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 1952-ல் ஹெரால்ட் யூரே மறுபடி எழுதியதால் அவர் பெயரே அந்த வேதிவினைக்கு ஒட்டிக்கொண்டது.

இதுவரை சொன்னது கார்பனை நீக்கும் வழி மட்டும்தான். தெர்மோஸ்டாட் என்று சொல்ல வேண்டுமானால், சூடு கூடும்போது நீக்கமும் கூட வேண்டும், குளிர்ந்தால் குறைய வேண்டும். அந்தப் பகுதியை 1981-ல் ஜேம்ஸ் வாக்கர், பி. பி. ஹேஸ், ஜேம்ஸ் காஸ்டிங் மூவரும் சேர்த்தார்கள். வெப்பம் கூடினால் கனிமங்கள் வேகமாகக் கரையும். வெப்பம் கூடினால் கடல்நீர் அதிகம் ஆவியாகி, நிலத்தின் மேல் மழையும் கூடும். பாறை மேல் அதிக நீர் ஓடினால் அதிகம் கரையும். ஆக, காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும்போதெல்லாம் அதைத் தின்னும் வினையும் தானாகவே கூடுகிறது. எதிர்ப்பக்கமும் அப்படியே. உலகம் குளிர்ந்தால் மழை குறையும், சிதைவு மந்தமாகும், எரிமலைகள் விடும் வாயு காற்றில் சேர்ந்துகொண்டே போய் மறுபடி சூடேற்றும்.

அவர்களைத் தூண்டியது சூரியனைப் பற்றிய ஒரு புதிர். 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சூரியன் இன்றைவிட 25 முதல் 30 சதவீதம் வரை மங்கலாக இருந்தது. இன்றைய காற்றை வைத்துக் கணக்குப் போட்டால், பூமியின் வரலாற்றில் முதல் பாதி முழுக்கக் கடல் உறைந்திருக்க வேண்டும். ஆனால் மிகப் பழைய பாறைகளிலும் ஓடும் நீர் படியவைத்த வண்டல் இருக்கிறது. சூரியன் மங்கலாக இருந்தபோது சிதைவு மந்தமாக இருந்து கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தது, சூரியன் பிரகாசமாக ஆக ஆக சிதைவு வேகமெடுத்து அந்தப் போர்வையை மெலிதாக்கிக்கொண்டே வந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம். மீத்தேன் போன்ற வேறு வாயுக்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனாலும் இந்த விளக்கம்தான் இன்றுவரை மையத்தில் நிற்கிறது.

சூட்டுக்குச் சிதைவு கூடும் என்பதை இன்றே நேரில் அளக்க முடியுமா? முடியும். ஐஸ்லாந்து ஏறக்குறைய முழுக்கப் பசால்ட். அதன் வடகிழக்கில் மனிதக் கை அதிகம் படாத எட்டு ஆற்றுப்படுகைகளில் 1964 முதல் 2004 வரை எடுத்த பதிவுகளை சிகுர்தூர் கிஸ்லாசன் குழு ஆராய்ந்தது. ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் வேதிச்சிதைவு 4 முதல் 14 சதவீதம் வரை கூடியிருந்தது. நீரோட்டமும் அதோடு கூடியிருந்தது. வேதிவினையின் வேகம் தனியாகவும் நீரின் அளவு தனியாகவும் எவ்வளவு பங்களித்தன என்று பிரித்துச் சொல்வது கடினம். தெர்மோஸ்டாட்டைப் பொறுத்தவரை பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. இரண்டும் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. எரிமலைகளும் மலைகளுக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும் பாறைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடி டன் கார்பன் விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டுக்கு மதிப்பீடு மாறும், ஆனால் ஏறக்குறைய இந்த அளவுதான். காற்றிலும் கடலிலும் சேர்ந்து இருக்கும் கார்பன் சுமார் 40 லட்சம் கோடி டன். சிதைவு திடீரென்று இரு மடங்காகி, எரிமலை வரவு மாறாமல், அப்படியே நீடித்தால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 10 கோடி டன் துண்டு விழும். 4 லட்சம் ஆண்டுகளில் காற்றும் கடலும் கார்பனே இல்லாமல் துடைத்து எடுக்கப்பட்டிருக்கும். அதற்கு வெகு முன்பே பூமி உறைந்திருக்கும். புவியியல் காலத்தில் 4 லட்சம் ஆண்டு என்பது ஒன்றுமே இல்லை. பூமி அப்படிக் கிடக்கவில்லை என்பதால், வரவும் செலவும் சில லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருக்கவே முடியாது.

அப்படியானால் தக்காணத்துப் பசால்ட் சிதைவை "அதிகப்படுத்தி"க் குளிர்வித்தது என்று எப்படிச் சொல்வது? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் மேலே குழாய் திறந்திருக்கிறது, அடியில் ஓர் ஓட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீர் உயர உயர அழுத்தம் கூடி, ஓட்டையில் வெளியேறும் வேகமும் கூடும். வரவும் செலவும் சமமாகும் உயரத்தில் நீர்மட்டம் நின்றுவிடும். இப்போது ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால்? சிறிது நேரம் அதிக நீர் வெளியேறும். பிறகு மட்டம் இறங்கி, மறுபடி குழாயில் வருவதற்குச் சமமான அளவுதான் வெளியேறும். கடைசியில் ஓட்டத்தின் அளவு பழையபடிதான் இருக்கும், மட்டம் மட்டும் தாழ்ந்திருக்கும்.

குழாய் எரிமலை, நீர்மட்டம் காற்றின் கார்பன் டை ஆக்சைடு, ஓட்டையின் அளவு நிலப்பரப்பு எவ்வளவு எளிதாகச் சிதையக்கூடியது என்பது. தக்காணம் முதலில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டது. குழம்பு நின்றதும் குழாய் பழையபடி ஆனது. ஆனால் எளிதில் கரையும் பாறை 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் புதிதாகப் பரப்பப்பட்டிருந்ததால், ஓட்டை நிரந்தரமாகப் பெரிதாகிவிட்டது. அதனால்தான் மட்டம் பழைய இடத்துக்கும் 57 பிபிஎம் கீழே போய் நின்றது.

இதில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. குழம்பு வழிந்தபோது இந்தியா இப்போது இருக்கும் இடத்தில் இல்லை, தென் அரைக்கோளத்தில், இன்றைய ரீயூனியன் தீவின் பக்கம் இருந்தது. அப்புறம் வடக்கே விரைந்து நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலநடுக்கோட்டின் கொட்டும் மழைப் பட்டைக்குள் இந்தப் பசால்ட்டைச் சுமந்துகொண்டு வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் உலகத் தட்பவெப்பம் உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கி, கடைசியில் அன்டார்டிகாவில் பனி போர்த்தும் அளவுக்குப் போனது. டென்னிஸ் கென்ட், ஜொவானி முத்தோனி இருவரும் 2008-ல் இந்த இரண்டையும் இணைத்து எழுதினார்கள். எனக்கு இந்தக் கருத்து பிடிக்கும், ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெதிஸ் கடல் மூடிக்கொண்டிருந்தது, அங்கே அடியில் போய்க்கொண்டிருந்த சுண்ணாம்பின் அளவு குறைந்து, குழாயும் கொஞ்சம் இறுகியிருக்கலாம். ஓட்டை பெரிதானதும் குழாய் இறுகியதும் மட்டத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அதுதான் சிக்கல்.

ஆற்று நீரை அளந்து இதையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் எண்கள் தப்பாகும் இடம் அதுதான். கிருஷ்ணாவின் ஒரு கிளையிலிருந்து ஒரு குடுவை நீர் எடுத்தால், அதில் உள்ள கால்சியம் முழுவதும் பசால்ட்டிலிருந்து வந்ததல்ல. முதலில் கடல் உப்பைக் கழிக்க வேண்டும். அரபிக்கடலிலிருந்து வரும் மழையில் உப்புத்துகள் கலந்திருக்கும், குளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து அதைக் கழிக்கலாம். அடுத்து, வழியில் சுண்ணாம்புக்கல் ஏதாவது கரைந்திருக்கிறதா என்று சோடியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம், ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப்பு விகிதம் ஆகியவற்றை வைத்துப் பிரிக்க வேண்டும்.

தக்காணத்தில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில், வறண்ட மண்ணில், சுக்கான்கல் முடிச்சுகள் நிறைய. அவையும் சுண்ணாம்புதான், ஆனால் அந்தக் கால்சியம் முதலில் பசால்ட்டிலிருந்து கரைந்து வந்து, நீர் வற்றியதால் மண்ணிலேயே படிந்தது. மழைக்காலத்தில் அது மறுபடி கரைந்து ஆற்றுக்கு வரும்போது, அதைச் சிலிக்கேட் கணக்கில் எழுதுவதா, சுண்ணாம்புக் கணக்கில் எழுதுவதா? எந்தப் பக்கம் எழுதினாலும் விடை மாறுகிறது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ். கிருஷ்ணசாமியின் குழு கிருஷ்ணா படுகையிலும் மேற்கே சரியும் ஓடைகளிலும் செய்த அளவீடுகள், ஓர் ஆண்டு மழை எவ்வளவு என்பதும், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் இந்த எண்களை எவ்வளவு மாற்றும் என்று காட்டின. மழை கொட்டும் மேற்குச் சரிவில் ஒரு சதுர கிலோமீட்டர் செய்யும் வேலையை, கிழக்கின் வறண்ட பீடபூமியில் ஒரு சதுர கிலோமீட்டர் செய்வதில்லை.

மழை இருந்தால் மட்டும் போதாது. பாறை நீருக்குக் கிடைக்க வேண்டும். மகாபலேஷ்வரின் உச்சியில் பசால்ட்டின் மேல் ஒரு சிவந்த தொப்பி இருக்கிறது, லேட்டரைட். பல லட்சம் ஆண்டுகளாக மழை கால்சியம், மெக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு, இரும்பும் அலுமினியமும் மட்டும் மிச்சம் வைத்த மண் அது. கேரளத்தில் வீடு கட்ட வெட்டும் வெட்டுகல்லும் இதே வகை. எவ்வளவு மழை கொட்டினாலும் அந்தத் தொப்பியில் கரைய எதுவும் மிச்சம் இல்லை. புதிய பாறை பல மீட்டர் ஆழத்தில் பத்திரமாக மூடிக்கிடக்கிறது. சமவெளியில் தடித்த மண் மூடிய வெப்பமண்டல நிலங்கள் எல்லாம் இப்படித்தான். சூடும் ஈரமும் இருந்தும் சிதைவு மந்தம். மேல்மண்ணை அரித்துக்கொண்டே போய்ப் புதிய பாறையை வெளிக்காட்டும் செங்குத்தான மலைச் சரிவில் நிலைமை வேறு, அங்கே சூடு கூடினால் சிதைவு உடனே பதில் சொல்லும்.

இதனால் ஒரு விளைவு உண்டு. தெர்மோஸ்டாட்டின் கூர்மை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இதற்கு இரண்டு பழைய வெப்ப நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. சில ஆயிரம் ஆண்டுகளில் பெருமளவு கார்பன் காற்றுக்கும் கடலுக்கும் வந்து சேர்ந்து, உலகம் 5 முதல் 6 டிகிரி வரை சூடானது. கடல் புளித்து, ஆழத்தில் படிந்திருந்த சுண்ணாம்பு கரைந்துபோனது. தோண்டி எடுத்த கடலடி மண்ணில் அந்த இடம் வெள்ளைச் சுண்ணாம்புக்கு நடுவே ஒரு சிவந்த களிமண் பட்டையாகத் தெரிகிறது. அப்புறம் வெள்ளை திரும்புகிறது, அதுவும் முன்பு இருந்ததைவிடத் தடிப்பாக. நிலத்தில் சிதைவு வேகமெடுத்து, கடலுக்கு வழக்கத்துக்கு மேல் கால்சியமும் பைகார்பனேட்டும் வந்து சேர்ந்ததன் அடையாளம் அது. முழுவதும் அடங்கச் சுமார் 2 லட்சம் ஆண்டு ஆனது. தெர்மோஸ்டாட் வேலை செய்தது.

இரண்டாவது 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இது மெதுவாக ஏறி, ஏறக்குறைய 4 முதல் 5 லட்சம் ஆண்டுகள் வரை நீடித்த வெப்பம். இவ்வளவு காலம் சிதைவு வேகமெடுத்திருந்தால் அந்த வெப்பம் நீடித்திருக்கவே கூடாது. ஒரு வழியில் சோதிக்கலாம். கண்டத்துப் பழைய பாறைகளில் ஆஸ்மியம் என்ற உலோகத்தின் ஒரு ஐசோடோப்பு கூடுதலாக இருக்கும், சிதைவு வேகமெடுத்தால் கடல்நீரில் அதன் விகிதம் உயரும், கடலடி வண்டலில் அது பதிவாகும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட அளவீட்டில் அப்படி ஒரு உயர்வு இல்லை. அன்றைய நிலம் தடித்த, சத்தெல்லாம் உருவப்பட்ட மண்ணால் மூடியிருந்திருக்கும், சூடு கூடியும் கரையப் பாறை கிடைத்திருக்காது என்பது அவர்கள் தரும் விளக்கம். தொட்டியின் ஓட்டை அடைபட்டிருந்தது என்று சொல்லலாம்.

எதிர்ப்பக்கம் கோளாறு நடந்ததும் உண்டு. சுமார் 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பனி நிலநடுக்கோடு வரை வந்து பூமியை மூடியது. அதற்குச் சற்று முன்பு இன்றைய ஆர்க்டிக் கனடாவில் ஒரு பெரிய பசால்ட் பரப்பு உருவாகியிருந்தது, அந்தக் காலத்தில் அந்த நிலம் வெப்பமண்டலத்தில் இருந்தது. புதிய பசால்ட், கொட்டும் மழை, ஓட்டை மிகப் பெரிதாகி மட்டம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்பது வலுவான ஒரு கருத்து. பனி ஓர் எல்லையைத் தாண்டியதும் அதன் வெண்மையே வெயிலைத் திருப்பியனுப்பி மேலும் குளிர்விக்கும். தெர்மோஸ்டாட்டின் மெதுவான பதில் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் அங்கிருந்து மீண்டதும் இதே சுழற்சியால்தான். நிலம் பனிக்கு அடியில் போனதும் சிதைவு ஏறக்குறைய நின்றது, எரிமலைகள் நிற்கவில்லை. ஜோசப் கிர்ஷ்விங்க் 1992-ல் சுட்டிக்காட்டியபடி, கார்பன் டை ஆக்சைடு கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் பனியை உருக்கியது. உருகியபின் வந்த கடும் சிதைவின் அடையாளமாக, பனிக்கால வண்டலுக்கு நேர் மேலே தடித்த கார்பனேட் படிவு உலகின் பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது நம்முடைய கணக்கு. நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் எரித்து நாம் விடுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். மேலே எரிமலைக்குச் சொன்ன 10 கோடி டன்னோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு. ஐஸ்லாந்தில் அளந்த கூடுதல் வீதத்தில் அதிகபட்சமான 14 சதவீதத்தையே உலகம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டாலும், 3 டிகிரி சூடேறினால் சிதைவு ஒன்றரை மடங்குக்குக் கிட்டத்தான் போகும். அது ஆண்டுக்குச் சில கோடி டன் கூடுதலாக எடுக்கும். நாம் போடுவதில் அரைச் சதவீதம்.

நாம் விட்டதில் பெரும்பகுதியைப் பல நூற்றாண்டுகளில் கடல்நீர் கரைத்துக்கொள்ளும். அடுத்த சில ஆயிரம் ஆண்டுகளில் கடலடிச் சுண்ணாம்பு கரைந்து, புளித்த கடலைக் கொஞ்சம் தேற்றி, இன்னும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் பிறகு காற்றில் எஞ்சுவது நாம் விட்டதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. சிலிக்கேட் சிதைவு என்ற தெர்மோஸ்டாட்டின் வேலை அந்தக் கடைசிப் பத்தில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குச் சில லட்சம் ஆண்டுகள் எடுக்கும். "பூமி தானே சரிசெய்துகொள்ளும்" என்று யாராவது சொன்னால், அது பொய்யில்லை, கால அளவை விட்டுவிட்ட உண்மை.

இதை வேகப்படுத்தலாமே என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. பசால்ட்டை மாவாக அரைத்து வயலில் தூவினால், நீர் படும் பரப்பு பல்லாயிரம் மடங்காகும். மலை செய்யும் வேலையை வயல் செய்யும். தக்காணத்துக் கல்குவாரிகளில் ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூளே இதற்குக் கிடைக்கும் என்பதால், இந்தியாவில் நெல் வயல்களில் இந்த முயற்சி நடக்கிறது. ஒரு டன் பசால்ட் முழுவதும் கரைந்தால், கனிமக் கலவையைப் பொறுத்து, சுமார் 0.3 டன் கார்பன் டை ஆக்சைடு நீங்கலாம் என்பது தாள் கணக்கு. அரைக்கவும் ஏற்றிச்செல்லவும் ஆகும் மின்சாரத்தையும் டீசலையும் அதிலிருந்து கழிக்க வேண்டும்.

கழிக்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். யூரியாவோ அம்மோனியம் உரமோ போட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரிக் அமிலத்தை உருவாக்குகின்றன. அது கார்பானிக் அமிலத்தைவிடப் பல மடங்கு வலிமையானது. தூவிய பசால்ட் மாவை அந்த அமிலம் கரைத்தால், வடிகால் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் நன்றாகவே கூடும், பரிசோதனைக்கூடத்தில் எண்கள் அழகாக இருக்கும். ஆனால் அந்த வினையில் கார்பன் டை ஆக்சைடு பங்கெடுக்கவே இல்லை, காற்றிலிருந்து எதுவும் குறையவும் இல்லை. அதனால் கால்சியத்தை மட்டும் அளந்து ஏமாறாமல், அதே குடுவையில் நைட்ரேட்டையும் பைகார்பனேட்டையும் அளந்து, கால்சியத்துக்கு ஈடாக நீரில் இருப்பது இவற்றில் எது என்று பார்க்க வேண்டும். பைகார்பனேட் இருந்தால் அந்தத் துளி கார்பனைச் சுமக்கிறது. நைட்ரேட் இருந்தால் வெறும் பாறைதான் கரைந்திருக்கிறது.